புதன்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு மாவு வாங்குவது யார்? தொழில் திட்டத்தில் வாடிக்கையாளரை எழுதும் முறை

என் பெரியம்மா மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் வேலை பார்த்தவர். கம்பெனியை விட்டுவிட்டு வீட்டிலேயே இட்லி, தோசை மாவு ஆட்டி விற்கலாம் என்று முடிவெடுத்தார். பெரிய கிரைண்டரும் ஒரு ஃபிரிட்ஜும் வாங்க வங்கிக் கடன் தேவைப்பட்டது. கடனுக்கு மூன்று பக்கத் திட்ட அறிக்கை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். அதில் வாடிக்கையாளர் என்ற தலைப்பின் கீழ் இருந்தது இது:

"25 முதல் 45 வயதுக்கு உட்பட்ட, வேலைக்குச் செல்லும், நடுத்தர வருமானமுள்ள பெண்கள். நேரமின்மை காரணமாக, சுகாதாரமான, தரமான, புத்தம்புதிய மாவை விரும்புபவர்கள்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தொழில் தொடங்குகிறவர்களுக்கான பல வகுப்புகளில் இப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள். சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைத்து, வயது, படிப்பு, பொழுதுபோக்கு எல்லாம் எழுதி, "பெர்சோனா" என்று ஒரு கற்பனை வாடிக்கையாளரை உருவாக்கச் சொல்வார்கள். நான் அக்காவிடம் மூன்று கேள்வி கேட்டேன். இந்தப் பெண் எந்தக் கிழமை வருவார்? எத்தனை மணிக்கு வருவார்? அரைக்கிலோ வாங்குவாரா, ஒரு கிலோ வாங்குவாரா? மூன்றுக்கும் அந்தப் பத்தியில் பதில் இல்லை. ஆனால் காலையில் எத்தனை படி அரிசி ஊறவைப்பது, எத்தனை மணிக்கு ஆட்டுவது, எந்த அளவு கவர் வாங்குவது என்று முடிவு செய்ய இந்த மூன்றும்தான் வேண்டும்.

அடுத்த நான்கு வாரம் அக்காவும் நானும் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். மாவுக் கடைக்குப் பதில் நீங்கள் தையல் கடையோ செக்கு எண்ணெயோ வைத்திருந்தாலும் வேலை இதேதான். கவனிக்கவேண்டிய நேரமும் பொருளும் மட்டும் மாறும்.

முதல் வேலை: வயதையும் வருமானத்தையும் அடித்துவிடுங்கள்

அக்கா குடியிருப்பது எட்டு கதவுகள் வரிசையாக உள்ள லைன் வீடு. அதில் இரண்டாவது கதவிலும் ஐந்தாவது கதவிலும் இருப்பவர்கள் இருவருமே டெய்லர்கள். இருவருக்கும் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது, ஒரே பீஸ் ரேட், இரண்டிரண்டு பிள்ளைகள். இரண்டாவது கதவுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலேயே மாவு ஆட்டி, புதன்கிழமைவரை ஓட்டுவார். கடை மாவை அவர் வாங்கியதே இல்லை. ஐந்தாவது கதவுக்காரர் வாரத்தில் மூன்று நான்கு நாள் கடை மாவு வாங்குகிறார். அக்காவின் பத்திப்படி இருவரும் ஒரே வாடிக்கையாளர்.

எதிர் காம்பவுண்டில் ஓர் அறையில் நான்கு இளைஞர்கள் இருக்கிறார்கள், தென்மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஒரே ஒரு அடுப்பு, ஒரு தோசைக்கல். வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு கிலோ பாக்கெட் வாங்குகிறார்கள். பெண்கள் என்று எழுதியதுமே இவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார்கள்.

"கிரைண்டர் இல்லாத வீடு" என்று எழுதலாமா என்று அக்கா கேட்டார். அதுவும் சரிவராது. தமிழக அரசு 2011-இல் குடும்ப அட்டைக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. கிரைண்டர் இல்லாத குடும்பம் குறைவு. ஆனால் பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர்களில் பலருடைய கிரைண்டர் சொந்த ஊரில் அம்மா வீட்டில் இருக்கிறது. இங்கேயே இருந்தாலும், பாலிதீன் உறை போட்டுக் கட்டி, மேலே துணி மூட்டையை வைத்திருப்பார்கள். பொருள் வீட்டில் இருப்பது வேறு, புழங்குவது வேறு. நமக்கு வேண்டியது புழக்கம்.

இரண்டாவது வேலை: உட்கார்ந்து எண்ணுங்கள்

ஏற்கெனவே மாவு விற்கும் ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு வாய்த்தது இரண்டு தெரு தள்ளியிருந்த மளிகைக் கடை. அதன் பக்கத்திலேயே ஒரு பேக்கரி. பேக்கரி பெஞ்சில் டீயோடு உட்கார்ந்தால் கடை வாசல் தெளிவாகத் தெரியும். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டே உட்கார்ந்தோம். ஒளிந்து பார்க்கவேண்டிய வேலை இல்லை இது. அவருக்கும் மாவு வேறொருவர் கொண்டுவந்து போடுவதுதான்; அதனால் அவர் ஒன்றும் நினைக்கவில்லை.

புதன், சனி, ஞாயிறு என்று மூன்று நாள், மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரைவரை. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆறு கட்டம் போட்டுக்கொண்டோம்: மணி, எத்தனை பாக்கெட், என்ன அளவு, கூட என்ன வாங்கினார், காசா ஜிபேயா கணக்கா, நடந்து வந்தாரா வண்டியா. பெயர் எழுதவேண்டாம். தெரிந்தவர்களாக இருந்தாலும் எழுதவேண்டாம். நோட்டு கடைசியில் யார் கையில் போகும் என்று தெரியாது.

ஏழாவதாக ஒரு கட்டத்தையும் கட்டாயம் போடுங்கள்: கேட்டுவிட்டு வாங்காமல் போனவர். எங்கள் நோட்டிலேயே மிகவும் பயன்பட்டது அந்தக் கட்டம்தான்.

புதன்கிழமை 23 பேர் வாங்கினார்கள். அதில் 14 பேர் எட்டே காலுக்குப் பிறகு. காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும்: கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் எட்டரைவாக்கில் விடும். எட்டு நாற்பதுக்குக் கடையில் மாவு தீர்ந்துபோனது. அதன் பிறகு 9 பேர் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். சனிக்கிழமை 16 பேர்தான். அன்று வாரச் சம்பளம். கணக்கைத் தீர்க்க வந்தவர்கள் நிறைய, மாவு வாங்கியவர்கள் கொஞ்சம். கறிக்கடையிலும் பரோட்டாக் கடையிலும் கூட்டம். ஞாயிறு மாலை 31 பேர். பெரும்பாலும் ஏழு மணிக்கு முன்னால், அதுவும் ஒரு கிலோ பாக்கெட்.

எண்களைவிட ஒரு காட்சி எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. புதன் இரவு எட்டரை தாண்டியிருக்கும். டிபன் பையோடு ஒரு பெண் நேராகக் கம்பெனியிலிருந்து வந்தார். பாக்கெட்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் இரண்டு இடத்தில் அழுத்தினார். "எப்ப ஆட்டுனதுங்ணா?" என்றார். கடைக்காரர் பெருமையாக, "இப்பத்தான் சாயந்திரம் வந்துச்சுங்க, புத்தம் புதுசு" என்றார். அந்தப் பெண் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டார். "அப்பப் புளிச்சிருக்காதுங்களே. நான் போனதும் தோசை ஊத்தோணும்" என்று சொல்லி, ஒரு ரவை பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "புத்தம்புதிய மாவை விரும்புபவர்கள்" என்று எழுதியிருந்தது அவர்தான்.

மூன்றாவது வேலை: போன தடவையைப் பற்றி மட்டும் கேளுங்கள்

எண்ணுவதில் என்ன நடக்கிறது என்று தெரியும், ஏன் என்பது தெரியாது. அதற்குக் கேட்கவேண்டும். நான்கு தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு என்று, ஞாயிறு காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள், இரண்டு வாரத்தில் 24 வீடு கேட்டோம். பழக்கமான வீடுகளாகப் பார்த்துப் போகக்கூடாது என்பதற்குத்தான் அந்த ஒன்று விட்டு ஒன்று.

முதல் வீட்டிலேயே அக்கா தவறான கேள்வியைக் கேட்டார். "நான் மாவுக் கடை போடலாம்னு இருக்கறனுங்க. போட்டா வாங்குவீங்களா?"

"அதுக்கென்னுங்க்கா, கண்டிப்பா வாங்கறனுங்க. நம்ம அக்கா கடை இல்லீங்களா!"

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு பதிலே வராது. வாசலில் வந்து நிற்கிறவரிடம் முகத்துக்கு நேரே "வாங்கமாட்டேன்" என்று சொல்வது மரியாதை இல்லை. "தரம் முக்கியமா, விலை முக்கியமா" என்ற கேள்வியும் இப்படித்தான். எல்லோரும் தரம் என்பார்கள். "எவ்வளவு விலை வச்சா வாங்குவீங்க" என்று கேட்டால், வாய்க்கு வந்த குறைந்த விலையைச் சொல்வார்கள். இனி நடக்கப்போவதைக் கேட்டால் வருவது மரியாதைப் பதில். நடந்து முடிந்ததைக் கேட்டால்தான் நினைவிலிருந்து பதில் வரும்.

இரண்டாவது வீட்டிலிருந்து கேட்ட கேள்விகள் ஐந்து. போன தடவை மாவு வாங்கினது எந்தக் கிழமை, எத்தனை மணி இருக்கும்? எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், கையோடு கொடுத்தீர்களா? அன்றைக்கே சுட்டீர்களா, எடுத்துவைத்துச் சுட்டீர்களா? அதற்கு முந்தைய தடவை எப்போது? அன்றைக்குக் கடையில் மாவு இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான்காவது கேள்வியில்தான் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வாங்குகிறார்கள் என்பது கிடைக்கும். "வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று நேரடியாகக் கேட்டால் குத்துமதிப்பாக "ரெண்டு மூணு" என்பார்கள். கடைசி இரண்டு தடவையைக் கேட்டு, இடையில் எத்தனை நாள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கேள்வி உங்கள் உண்மையான போட்டி யார் என்பதைக் காட்டும். இன்னொரு மாவுக் கடைக்குப் போயிருப்பேன் என்றவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் ரவை உப்புமா, சேமியா, இல்லாவிட்டால் பரோட்டா என்றார்கள். நாலு பேர் சாப்பிட 25 ரூபாய் மாவும் ஒரு தேங்காய்ச் சட்னியும் போதும் என்ற இடத்தில், அதே வீடு பரோட்டாவுக்கு 120 ரூபாய் செலவழிக்கிறது. செலவுப் பழக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். "நடுத்தர வருமானம்" என்ற சொல் ஒரு வீட்டுக்குள் எவ்வளவு பணம் வருகிறது என்று சொல்லும். இரவு ஒன்பது மணிக்கு அசதியாக இருக்கும்போது அந்தப் பணம் எந்தக் கடைக்குப் போகிறது என்று அதில் தெரியாது.

பேசிக்கொண்டே கண்ணையும் பயன்படுத்துங்கள். ஒரு வீட்டில், "நாங்க வீட்லயேதான் ஆட்டுவமுங்க" என்றார்கள். கிரைண்டர் வாசலுக்கு நேரே தெரிந்தது. உரல் மேல் அரிசிச் சிப்பம், அதன் மேல் பள்ளிக்கூடப் பை. கடை மாவு வாங்குவதை ஒத்துக்கொள்ளச் சிலருக்குக் கூச்சம். வற்புறுத்தாமல், "போன ஞாயித்துக்கிழமை ஆட்டுனீங்களா?" என்று மட்டும் அக்கா கேட்டார். "இல்லீங்க, கொஞ்ச நாளா முடியறதில்லீங்க" என்று வந்தது. அந்த வீடு வாங்குகிற வீடுதான்.

நான்காவது வேலை: சீட்டுகளைத் தரையில் பரப்பிப் பிரியுங்கள்

ஒரு வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு என்று 24 சீட்டு எழுதினோம். அக்கா முதலில் பிரித்தது குடும்பம் ஒரு பக்கம், தனியாக இருக்கும் பையன்கள் ஒரு பக்கம் என்று. கை பழக்கத்தில் அப்படித்தான் வரும். நான் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, வாங்கிய மாவை எப்போது கல்லில் ஊற்றினார்கள் என்பதை மட்டும் வைத்துப் பிரிக்கச் சொன்னேன்.

மூன்று குவியல் வந்தது. வாங்கிய ஒரு மணி நேரத்துக்குள் தோசை ஊற்றுகிறவர்கள்: ஒன்பது குடும்பம், மூன்று பையன்கள் அறை, ஆக 12. ஞாயிறு மாலை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாள் புழங்குகிறவர்கள்: 5 வீடு. நிஜமாகவே வீட்டில் ஆட்டுகிறவர்கள்: 7 வீடு.

முதல் குவியலைப் பாருங்கள். முப்பத்து மூன்று வயதுத் தாயும் இருபத்திரண்டு வயது இளைஞனும் ஒரே குவியலில் இருக்கிறார்கள். இருவரும் எட்டரைக்கு மேல் வருகிறார்கள், இருவருக்கும் புளித்த மாவு வேண்டும், இருவரும் கடை மூடியிருந்தால் பரோட்டாவுக்குப் போகிறார்கள். பாக்கெட் அளவு மட்டும்தான் மாறுகிறது. அவர்களைப் பிரித்து எழுதினால் அறிக்கை நீளும், ஆட்டும் வேலையில் ஒரு மாற்றமும் வராது. இரண்டு பிரிவுகளுக்காக நீங்கள் செய்யப்போவது ஒன்றேயானால் அவற்றைச் சேர்த்துவிடுங்கள்.

மறுபுறம், முதல் குவியலும் இரண்டாவது குவியலும் வாங்குவது பெயருக்குத்தான் ஒரே பொருள். ஒருவருக்குப் புளித்திருக்கவேண்டும், மற்றவருக்குப் புளித்திருக்கக்கூடாது. எட்டரைக்குப் புளித்த மாவு வேண்டுமானால் காலை பத்து பதினொரு மணிக்கே ஆட்டிவைக்கவேண்டும். மார்கழிக் குளிரில் இன்னும் முன்னால். ஞாயிறு வாங்குகிறவருக்கு மதியம் மூன்று மணிக்கு ஆட்டி உடனே ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை அந்த மாவு வாயில் வைக்கமுடியாது. அக்காவின் பழைய திட்டத்தில் தினமும் மாலை நான்கு மணிக்கு ஆட்டுவதாக இருந்தது. அது முதல் குவியலுக்குப் புளிக்காத மாவு. திட்டம் அப்படியே நடந்திருந்தால், தன்னுடைய வாடிக்கையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை டியூப் லைட் வெளிச்சத்தில் பாக்கெட்டைத் திரும்ப வைக்கவைத்திருப்பார்.

இவர்களைத் தவிர, காலை டிபன் போடும் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் இருந்தார். தினமும் 8 கிலோ, விடியற்காலை ஐந்து மணிக்கு, தூக்குப்போணியில், மொத்த விலைக்கு. அவர் ஒரே ஆள்தான். ஆனால் அவருக்காக ஆட்டும் நேரம், விலை, பாத்திரம் எல்லாமே வேறு. அதனால் அவர் தனிப் பிரிவு.

ஐந்தாவது வேலை: ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வீட்டின் கணக்கு

மொத்தச் சந்தை எத்தனை கோடி என்பது சின்னக் கடைக்குத் தேவையில்லாத எண். ஒரு வீடு மாதம் எவ்வளவு தருகிறது, அப்படி எத்தனை வீடு நடந்துவரும் தூரத்தில் இருக்கிறது, இந்த இரண்டும் போதும். நோட்டின்படி கிட்டத்தட்ட எல்லோரும் நடந்துதான் வந்தார்கள். அதனால் அக்கா வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்கும் தெருக்களில் கதவுகளை எண்ணினோம். 310 கதவு.

முதல் பிரிவு வீடு வாரத்துக்கு சராசரியாக மூன்று தடவை அரைக்கிலோ வாங்குகிறது, அதாவது ஒன்றரைக் கிலோ. கிலோ 50 ரூபாய்க்கு விற்கலாம். அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து அக்காவுக்கு அடக்கம் கிலோவுக்கு 28 ரூபாய். மிச்சம் 22. வாரம் ஒன்றரைக் கிலோ என்றால் 33 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 140 ரூபாய். இந்த 140 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னேன். இரண்டாவது பிரிவு வீடும் வாரம் ஒன்றரைக் கிலோதான் வாங்குகிறது, அதே 140. தள்ளுவண்டிக்குக் கிலோ 38 ரூபாய், கவர் இல்லாததால் அடக்கம் 27, மிச்சம் 11. மாதம் 26 நாளுக்கு 2,288 ரூபாய்.

இப்போது எத்தனை வீடு? 24-இல் 12 என்றால் பாதி, 310 கதவில் 155 வீடு. ஆனால் 24 வீட்டை வைத்து 310 வீட்டை அளப்பது குத்துமதிப்புதான். அத்தனை பேரும் அக்காவிடம் வரப்போவதும் இல்லை. நாலில் ஒரு வீடு வந்தால் 38 வீடு. இரண்டாவது பிரிவில் அதே கணக்கில் 16 வீடு. 54 வீட்டுக்கு 7,560 ரூபாய், தள்ளுவண்டி 2,288. மொத்தம் பத்தாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு.

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. கம்பெனியில் வாங்கும் சம்பளத்தைவிட இது குறைவு. ஆனால் இதைக் கடன் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொண்டோம் என்பதில் எனக்கு நிம்மதி. கணக்கைத் திருப்பிப் போட்டோம். மாதம் 15,000 மிச்சம் வேண்டும் என்றால் முதல் பிரிவில் 75 வீடு வேண்டும்; அதாவது அந்தப் பிரிவில் ஏறக்குறையப் பாதி. கிடைக்குமா? ஒரே புதன்கிழமை, ஒரே கடையில், 9 பேர் மாவு இல்லாமல் திரும்பிப் போனதை நோட்டு சொல்கிறது. ஒன்பதரைவரை மாவு வைத்திருந்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. எட்டு மணிக்குக் கடையை மூடினால் கிடைக்கவே கிடைக்காது.

ஆறாவது வேலை: கடனுக்கு முன் பத்து நாள் விற்றுப் பாருங்கள்

வீட்டுக் கிரைண்டரிலேயே நாலு தடவை ஆட்டி, தினமும் 10 கிலோ, இருபது அரைக்கிலோ பாக்கெட். விற்பது எட்டே காலிலிருந்து ஒன்பதரைவரை மட்டும். முதல் நாள் எத்தனை போனது என்று பார்க்கவேண்டாம். முதல் தடவை வாங்குவதில் அக்கம்பக்கத்துப் பாசம் இருக்கும். ஒரே வாரத்துக்குள் திரும்பி வந்தவர்களை எண்ணுங்கள். 34 வீடு வாங்கியதில் 19 வீடு அந்த வாரமே திரும்பி வந்தது. சனிக்கிழமை இருபதில் 14 பாக்கெட் நின்றுபோனது. நோட்டிலேயே அது தெரிந்திருந்தும், ஒரு நாளை விடவேண்டாம் என்று ஆட்டியதால் வந்த நட்டம்.

நோட்டில் குறித்திருந்தும் நாங்கள் கணக்கில் சேர்க்காத ஒன்று இந்தப் பத்து நாளில் வெளியே வந்தது. திரும்பி வந்த 19 பேரில் 8 பேர், "சனிக்கிழமை சம்பளம் வந்ததும் தர்றனுங்க்கா" என்றார்கள். வாரச் சம்பளக்காரர்களின் செலவு இப்படித்தான் ஓடும்; வியாழன், வெள்ளி கையில் காசு இருக்காது, சனி இரவு கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். ஏமாற்றுகிறவர்கள் இல்லை. ஆனால் 75 வீட்டில் இதே விகிதம் என்றால் சுமார் 30 வீடு, ஒவ்வொரு வெள்ளி இரவும் 2,250 ரூபாய் வெளியே நிற்கும். திங்கட்கிழமை உளுந்து வாங்கப் பணம் வேண்டுமே. அதனால் திட்டத்தில் நடைமுறை மூலதனத்தில் இந்தத் தொகையைத் தனியாகச் சேர்த்தோம்.

அறிக்கையில் எழுதியது

மாவட்டத் தொழில் மையம் மூலமாகப் போனாலும் நேராக வங்கிக்குப் போனாலும் சந்தை வாய்ப்பு பற்றி ஒரு பகுதி கேட்பார்கள். அக்கா கடைசியில் எழுதியது இதுதான். உங்கள் தொழிலுக்கு ஏற்ப சொற்களை மாற்றிக்கொள்ளலாம்.

"பிரிவு 1: ஒன்றரை ஷிப்ட் விட்டு 8.15 முதல் 9.15-க்குள் நடந்து வந்து, அரைக்கிலோ அல்லது ஒரு கிலோ வாங்கி, ஒரு மணி நேரத்துக்குள் தோசை ஊற்றும் வீடுகளும் அறைகளும். வாரம் மூன்று தடவை, சுமார் 75 ரூபாய். ஐந்தில் இருவர் சனிக்கிழமை பணம் தருவார்கள். மாவு கிடைக்காவிட்டால் பரோட்டா அல்லது ரவைக்குப் போவார்கள். காலை 10 மணிக்கு ஆட்டிய மாவு, இரவு 9.30 வரை விற்பனை. இலக்கு 75 வீடு. ஆதாரம்: மூன்று நாள் எண்ணிக்கை, 24 வீட்டு விசாரணை, பத்து நாள் விற்பனை. பிரிவு 2: ஞாயிறு மாலை 7 மணிக்குள் ஒரு கிலோவுக்கு மேல் வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பவர்கள். மதியம் 3 மணிக்கு ஆட்டிய மாவு. இலக்கு 16 வீடு. பிரிவு 3: தள்ளுவண்டி, தினமும் 8 கிலோ, காலை 5 மணி. விலகினால் மாதம் 2,288 ரூபாய் குறையும்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வேலை தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். எந்த வேலையும் தொங்காத வாக்கியம் இருந்தால் அதை எடுத்துவிடலாம்.

இந்த எண்கள் எப்போது பொய்யாகும்

தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போகும் வாரத்திலும் பொங்கல் சமயத்திலும் எண்ணாதீர்கள். திருப்பூரில் அப்போது லைன் வீடுகள் பூட்டிக் கிடக்கும். மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போனபிறகு அரைக்கிலோகூட ஒரு வீட்டுக்கு அதிகம்.

இதைவிடப் பெரியது கம்பெனி ஆர்டர். ஆர்டர் குறைந்தால் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். எட்டரைக்கு வந்தவர்கள் மாலை ஆறு மணிக்கே வீட்டில் இருப்பார்கள், சம்பளமும் குறையும். மாவு வாங்குவதை உடனே நிறுத்தமாட்டார்கள். முதலில் மணி மாறும், பிறகு ஒரு கிலோ அரைக்கிலோ ஆகும், அதன்பிறகுதான் தூசி தட்டிக் கிரைண்டரை எடுப்பார்கள். அதனால் அக்கா மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை மட்டும் பழைய நோட்டை எடுத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மணியைக் குறிக்கிறார். போன மாதம் 8.15-க்குப் பிறகு 31 பாக்கெட். இந்த மாதம் 22, ஆறரைக்கு முன்னால் 11. நேற்றிலிருந்து பாதி அரிசியைக் காலை எட்டு மணிக்கே ஆட்டத் தொடங்கியிருக்கிறார்.